பேட்ச் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம்

"அக்கா, கன்னத்தில் வலியோடு ஒரு பரு. ராத்திரி டீ ட்ரீ எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் பரு பேட்ச் ஒட்டிப் படுத்தேன். காலையில் பேட்ச் அளவுக்கு வட்டமாகச் சிவந்து எரிகிறது. பரு அப்படியே இருக்கிறது. கந்தகக் கிரீம் போடலாமா? பத்து நாளில் அண்ணன் கல்யாணம்."
- வாசகி, பாளையங்கோட்டை

இப்போதைக்குக் கந்தகம் வேண்டாம் தங்கச்சி. எண்ணெயை அப்படியே வைத்து மூடியதுதான் வினை. மூடிய தோலுக்குள் மருந்து கூடுதலாக இறங்கும். பேட்ச் பசையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எது காரணம் என்று அறிய, வெறும் பேட்ச் ஒன்றை உள்ளங்கையில் அல்ல, முழங்கையின் உள்பக்கம் ஒரு ராத்திரி ஒட்டிப் பார். அங்கே சிவக்கவில்லை என்றால் எண்ணெய் மேல்தான் சந்தேகம்.

மூன்று நாலு நாளைக்குத் தண்ணீரில் மெல்லக் கழுவி, வாசலின் மட்டும் லேசாகத் தடவு. நம்ம ஊர் வெயிலில் முகத்தை மூடாமல் போனால் அந்த வட்டம் கறுத்துப்போகும். கல்யாண போட்டோவில் பருவை விட அதுதான் தெரியும்.

பேட்ச் ஏன் பருவை ஒன்றும் செய்யவில்லை? அது மருந்தில்லை, நீரை உறிஞ்சும் ஒட்டுதான். வெள்ளை முனை வந்த பருவின் மேல், கழுவித் துடைத்த காய்ந்த தோலில் ஒட்டினால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுவில் வெள்ளையாக உப்பும். அது வேலை செய்ததற்கு அடையாளம். உனக்கு இருப்பதோ உள்ளே கிடக்கிற, தொட்டால் வலிக்கிற கட்டி. அதில் உறிஞ்ச எதுவும் வெளியே இல்லை. கிள்ளாமல் கையைத் தடுக்கும், அவ்வளவுதான். அடியில் எண்ணெய் இருந்தால் ஒட்டே வழுக்கிவிடும்.

டீ ட்ரீ எண்ணெயைச் சேர்த்தால் 5 சதவீதம் போதும். ஒரு தேக்கரண்டி கற்றாழை ஜெல்லுக்கு ஐந்து சொட்டு. தேங்காய் எண்ணெயில் கலக்காதே, அதுவே துளையை அடைக்கும். பலன் தெரிய வாரக்கணக்காகும். திறந்து மாதக்கணக்கில் சூட்டில் கிடந்த பாட்டிலைத் தூரப்போடு, பழசானால் அலர்ஜி அதிகம். உனக்கு எரிச்சலோடு அரிப்பும் சேர்ந்தால், இனி அந்த எண்ணெய் பக்கமே போகாதே.

தோல் ஆறியபின் கந்தகம் போடலாம். மருந்துக் கடையில் 3 முதல் 10 சதவீதத்தில் கிடைக்கும், முதல் முறை குறைந்ததை வாங்கு. பருவின் மேல் மட்டும் மெல்லிசாகத் தடவிப் பத்து நிமிடத்தில் கழுவு. மறுநாள் உரியவில்லை என்றால் நேரத்தைக் கூட்டு. நாட்டு மருந்துக் கடைக் கந்தகக் கட்டியை இழைத்துப் பூசுவது வேண்டாம். கந்தகக் கிரீமில் அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். விரலில் வெள்ளி மோதிரம் இருந்தால் கறுத்துவிடும், கழற்றி வை.

ஆனால் கந்தகமும் ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்டாது. கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்பும் அது வலித்தால், உங்கள் ஊர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவில் காட்டு. கட்டிக்குள் சிறு ஊசி போட்டால் ஓரிரு நாளில் அமுங்கும். சிலருக்கு அந்த இடம் கொஞ்சம் குழியும், அதைக் கேட்டுவிட்டுச் சம்மதி.