பார்வையாளர் சொல்லும் சொல்லும் முன்பே பேசி வைத்ததுதானா?

கேள்வி: கோவையில் ஓர் இம்ப்ரோவ் நகைச்சுவை நிகழ்ச்சி, அதாவது வசனம் எழுதி வைக்காமல் மேடையிலேயே உருவாக்கி ஆடுவது, பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார். இரண்டு விநாடியில் நாடகம் ஆரம்பமாகிவிட்டது. எல்லாம் முன்பே பேசி வைத்ததுதானே? எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு ஒரு குழுவை அழைத்து வருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். "கூட்டத்தில் நம்ம ஆள் இரண்டு பேரை உட்கார வைத்துவிடலாம், சொல்லுக்குத் தட்டுப்பாடு வராது" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கோவையில் நீங்கள் பார்த்ததைப் பெரும்பாலும் நம்பலாம், ஏஜென்டை நம்ப வேண்டாம்.

இந்நிகழ்ச்சிகளில் விளையாட்டுகளின் விதி, அவை வரும் வரிசை, எந்த விளையாட்டில் யார் ஆடுவது, சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது விளக்கை அணைக்க ஒருவர் என்பவையெல்லாம் முன்பே முடிவானவை. பேசப்படும் பேச்சு முடிவானதன்று. உங்கள் பக்கத்துப் பொறாட்டு நாடகத்தில் கேள்விக்காரன் மேடைக்கு வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் வம்புக்கு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரமும் பாட்டும் வழிவழியாக வந்தவை, இடையில் நடக்கும் வாய்ச்சண்டை அன்றைய இரவுக்கு உரியது. ஏறக்குறைய அதே கணக்குதான் இங்கேயும்.

ஒரு விளையாட்டை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். இரண்டு நடிகர்கள் மாறி மாறிப் பேச வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த உயிரெழுத்தில் தொடங்க வேண்டும். தொடக்க எழுத்தையும் இடத்தையும் கூட்டம் தருகிறது. 'எ' என்றார் ஒருவர். வாளையார் சோதனைச் சாவடி என்றார் இன்னொருவர்.

"எங்கே போகிறீர்கள்?"

"ஏழு மணிக்குள் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் சார்."

"ஐயா, முதலில் டிக்கியைத் திறங்கள்."

"ஒன்றுமில்லை சார், ஒரு வாழைத்தார்தான்."

"ஓரமாக நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்."

"ஔவை என்றுதான் சார் அந்தப் பாட்டிக்குப் பெயர், நாவல் பழம் தீர்ந்துவிட்டதாம்."

கூட்டம் கைதட்டியது. இதில் திட்டம் எங்கே இருக்கிறது? 'ஔ' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் தமிழில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஔவையையும் ஔடதத்தையும் மடியில் கட்டிக்கொண்டுதான் எந்த நடிகரும் மேடையேறுவார். 'எ' என்று கேட்ட உடனேயே இரண்டாமவர் எண்ணிப் பார்த்துவிட்டார்: ஏ, ஒ, ஔ மூன்றும் தன் பங்குக்கு வரும். ஆகவே தன் முதல் வாக்கியத்திலேயே ஒரு பாட்டியை நட்டு வைத்தார். பயிற்சி என்பது இந்த எண்ணிக்கைதான். சாவடியும் வாழைத்தாரும் அங்கேயே பிறந்தவை. இன்னொரு நாள் இடம் பல் மருத்துவமனை என்றால், பாட்டி பல்செட்டோடு வந்திருப்பார். அல்லது ஔடதம் வந்திருக்கும்.

திட்டமே போட முடியாத நேரத்தையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு மண்டபத்தில் நாங்கள் ஆடிய இரவில் ஒரு சொல் கேட்டோம். பின்வரிசையிலிருந்து "வெள்ளம்" என்று குரல் வந்தது. என் கூட்டாளி தமிழராகக் கேட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலி மேல் ஏறிவிட்டார். நான் மலையாளமாகக் கேட்டு, தாகத்துக்குத் தண்ணீர் கொண்டு வருவதுபோல் வெறுங்கையில் ஒரு டம்ளரை நீட்டிவிட்டேன். அரை விநாடி இருவரும் விழித்தோம். பிறகு அவர் குனிந்து அந்த டம்ளரை வாங்கி, "இத்தனை பெரிய வெள்ளத்தை இறைக்க இது ஒன்றுதான் கிடைத்ததா?" என்றார். எதிரில் இருப்பவர் கொடுத்ததை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே இக்கலையின் அடிப்படை விதி. அந்த விதி பழகியது, டம்ளர் பழகியதன்று. முன்பே பேசி வைத்தவர்கள் அப்படி விழிக்க மாட்டார்கள். விழிப்பதைப்போல் நடிப்பவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இரவுதோறும் ஒரே இடத்தில் வரும்.

இப்போது ஏஜென்டுக்கு வருகிறேன். கூட்டத்தில் ஆள் வைப்பது ஏமாற்று மட்டுமன்று, வீண் செலவும்கூட. சொல்லுக்குத் தட்டுப்பாடு வராமல் இருக்க நல்ல குழுவுக்கு வேறு வழி உண்டு: "ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்காமல், "உங்கள் தாத்தா செய்த தொழில் என்ன?" என்று குறுக்கிக் கேட்பார்கள்; பதில் தானாக வரும். பொதுவாகக் கேட்டால் எந்த ஊரிலும் முதலில் வருவது "கழிப்பறை"தான், அதைத் தொகுப்பாளர் தாண்டிப் போவதைச் சூழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னவரைப் பார்த்து மறு கேள்வி கேட்கிறாரா, சொல்லை உரக்கத் திருப்பிச் சொல்கிறாரா, வெவ்வேறு மூலைகளிலிருந்து எடுக்கிறாரா என்று கவனியுங்கள். ஒரே வரிசையிலிருந்து மூன்று முறை சொல் வந்தால், அந்த வரிசைக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு பொறி: விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் செயலாளர் பெயர், தலைவரின் வழக்கமான வசனம் எல்லாம் வேண்டும் என்று கேட்பார்கள். அது எழுதி வைத்த நகைச்சுவைக்கான சரக்கு. தருவதில் குற்றமில்லை, ஆனால் அதற்கு இம்ப்ரோவ் கட்டணம் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் கைப்பேசியில் காட்டும் காணொளித் துண்டையும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். நீண்ட நேரம் ஆடிப் பதிவு செய்து, தோற்றதையெல்லாம் வெட்டி எறிந்த பிறகு மிஞ்சியதுதான் அது. இக்கலையை உலகறியச் செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் அப்படி வெட்டித் தொகுக்கப்பட்டவையே.

ஒரு விதிவிலக்கை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதைத் தெரியாமல் பலர் நல்ல குழுக்களை மோசடிக்காரர்கள் என்று திட்டுகிறார்கள். சிகாகோவில் 1959-இல் தொடங்கிய செகண்ட் சிட்டி என்ற அரங்கம் இக்கலையின் தாய்வீடுகளில் ஒன்று. ஆனால் அங்கே முதன்மை நிகழ்ச்சியாக ஆடப்படுவது எழுதி முடித்த குறுநாடகங்கள். பார்வையாளர் முன் எழுதாமல் ஆடிப் பார்த்து, சிரிப்பு வந்ததை வைத்துக்கொண்டு, வராததைக் கழித்து, மெல்ல மெல்ல உறையச் செய்தவை அவை. முதன்மை நிகழ்ச்சி முடிந்த பிறகு கூட்டத்திடம் சொல் கேட்டு ஆடுவதுதான் உண்மையான இம்ப்ரோவ் பகுதி. ஆக, ஒரே மாலையில், ஒரே நடிகர்களிடமிருந்து, எழுதியதும் எழுதாததும் இரண்டும் வரலாம். எழுதியதை எழுதாதது என்று சொல்லி விற்காத வரை அதில் பிழையில்லை. உங்கள் ஏஜென்ட் கொண்டு வரும் குழுவிடமும் இதையே நேரடியாகக் கேளுங்கள்: எத்தனை நிமிடம் எழுதியது, எத்தனை நிமிடம் எழுதாதது?

நேரடியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏஜென்டுகள் இப்படிப் பேசுவதற்கு விழாக் குழுக்களும் காரணம். எல்லைக்கு அப்பால் ஒரு கல்லூரியில் அனுமதிப் படிவத்தோடு "உரையாடல் பிரதி, 2 நகல்" இணைக்கச் சொன்னார்கள். விளையாட்டு விதிகளை எழுதிக் கொடுத்தேன். உரையாடல் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் உட்கார்ந்து இரண்டு பக்கம் பொய் உரையாடல் எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கி, மேடையில் அதில் ஒரு வரிகூடப் பேசாமல் இறங்கினோம். பேசாத பேச்சுக்கு முன்கூட்டியே முத்திரை கேட்கும் ஊரில், ஏஜென்ட் கூட்டத்துக்கும் ஆள் ஏற்பாடு செய்யாமல் வேறென்ன செய்வார்?

குழுவை அழைப்பதானால் துண்டுச்சீட்டு விளையாட்டு ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். வருபவர்கள் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நடிகர் காட்சியின் நடுவே ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ளதைத் தன் வசனமாகப் படித்துச் சமாளிக்க வேண்டும். சீட்டு மாற்றுவது மிக எளிது என்பதால், வாசலில் தாளும் பேனாவும் கொடுப்பவர் உங்கள் வாசகசாலை ஆளாக இருக்கட்டும். விளையாட்டு தொடங்கும் வரை பெட்டியும் அவர் மடியிலேயே இருக்கட்டும்.