‘ஹே’யில் தொடங்கச் சொல்கிறார் ஜோசியர், எனக்கோ தமிழ்ப் பெயர் வேண்டும்

“எங்கள் பெண் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறது. பூசம், இரண்டாம் பாதம். ‘ஹே’யில் பெயர் வைக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். காலமான என் மாமியார் பெயர் ஹேமலதா. அதனால் வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் ‘ஹே’ என்றதும் ஒரே சந்தோஷம். எனக்குத் தூய தமிழ்ப் பெயர்தான் வைக்க ஆசை. இணையத்தில் கிடைக்கிற பட்டியல்களில் எது தமிழ், எது தமிழ் இல்லை என்றே புரியவில்லை. அத்தை பெயரும் நிலைக்கணும், தமிழாகவும் இருக்கணும். வழி இருக்கிறதா?”
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

இருக்கிறது அம்மா, உங்கள் அத்தை பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஹேமம் என்றால் பொன். லதா என்றால் கொடி. இரண்டையும் சேர்த்தால் பொற்கொடி. புதிதாக உருவாக்கிய பெயர்கூட இல்லை. நம் பக்கத்தில் இந்தப் பெயரோடு பாட்டிமாரும் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பெயரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தமிழாக்குவது தனித்தமிழ் இயக்கத்தின் முதல் வழி. வேதாசலம் என்ற பெயரில் வேதம் மறை, அசலம் மலை. அப்படித்தான் 1916-ஐ ஒட்டி அவர் மறைமலை ஆனார். அதற்கும் முன்னாலேயே சூரியநாராயண சாஸ்திரியார் சூரியனைப் பரிதியாகவும், நாராயணனை மாலாகவும், சாஸ்திரியைக் கலைஞராகவும் ஆக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று எழுதினார்.

ஆனால் எல்லாப் பெயரும் இப்படி இறங்கி வராது. மறைமலையடிகள் தம் மகள் திரிபுரசுந்தரியின் பெயரை முந்நகரழகி என்று மாற்றினார். பொருள் துல்லியம், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயரை நான் வேறு எந்த வீட்டிலும் கேட்டதில்லை. மொழிபெயர்த்து வருகிற சொல் ஏற்கெனவே தமிழில் புழங்குகிற சொல்லாக இருந்தால்தான் வாயில் நிற்கும். பொற்கொடி அப்படிப்பட்டது. இல்லாதபோது இரண்டாவது வழிக்குப் போக வேண்டும்: மொழிபெயர்ப்பை விட்டுவிட்டுப் பழைய நூல்களில் தயாராகக் கிடக்கும் பெயரை எடுத்துக்கொள்வது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனது அப்படி. நம் சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்தில் பிறந்த இராசமாணிக்கம், புறநானூற்றுப் புலவர் பெயரை எடுத்துக்கொண்டு பெருஞ்சித்திரனார் ஆனதும் அப்படித்தான்.

இனி ஜோசியர் சொன்ன எழுத்து. பஞ்சாங்கத்தில் பூசத்துக்கு ஹூ, ஹே, ஹோ, ட என்று நான்கு பாதத்துக்கும் போட்டிருக்கும். இந்த நான்கில் ஒன்றுகூடத் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ஹ தமிழ் எழுத்தே இல்லை. ட தமிழ் எழுத்து, ஆனால் மொழிமுதலாக நிற்காது. அந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. பூசத்தில் பிறந்த பிள்ளைக்கு எழுத்தை அப்படியே கடைப்பிடித்தால் தமிழ்ப் பெயர் வைக்கவே முடியாது.

மாமனார் எழுத்தை விட மாட்டேன் என்றால், பழைய புலவர்கள் செய்ததைச் சொல்லிப் பாருங்கள். ஹேமம் தமிழுக்குள் வந்தபோது ஹ் உதிர்ந்து ஏமம் ஆனது. சீவக சிந்தாமணியில் வரும் நாட்டின் பெயர் ஏமாங்கதம். ஆக, ‘ஹே’க்குத் தமிழில் நேர் ஒலி ‘ஏ’. ஏந்திழை என்று வைக்கலாம். குறிலாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எழிலி. மழைமேகம் என்று பொருள், திருக்குறளிலேயே வருகிற சொல். ஏற்காட்டு மலைமேல் மேகம் இறங்கி நிற்பதை மாடியிலிருந்து பார்க்கிற உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் ழகரம் சரியாக வராத வாயில் அது எலிலி ஆகும், வகுப்பில் இரண்டே நாளில் எலி ஆகும். அதனால் இதை அரை மனதோடுதான் சொல்கிறேன்.

பெயர்சூட்டு அன்று காதில் மூன்று முறை ‘ஹே’ பெயரைச் சொல்லிவிட்டு, சான்றிதழில் தமிழ்ப் பெயரைப் போடுகிற வீடுகளும் உண்டு. சண்டை இல்லாத வழி.

பட்டியல்களைப் பற்றிக் கேட்டீர்கள். கிரந்த எழுத்து இல்லாவிட்டால் தமிழ் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கவிதா, மாலா, தீபா மூன்றிலும் எழுத்தெல்லாம் தமிழ், சொல் மட்டும் வடமொழி. எழுத்துச் சோதனை ஒரு பெயரைத் தள்ளிவிட உதவும், சேர்த்துக்கொள்ள உதவாது. சேர்க்கும் முன் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். dsal.uchicago.edu தளத்தில் இலவசமாகவே தேடலாம். சொல்லுக்குப் பக்கத்தில் < குறி போட்டு ஆங்கில எழுத்தில் ஒரு சொல் இருந்தால், அதிலிருந்து வந்தது என்று பொருள். கமலம் என்று தேடினால் < kamala என்று வரும். தாமரைக்கு அப்படி வராது.

இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். பேரகராதி வடசொல் என்று ஒதுக்கிய பலவற்றைத் தமிழ்தான் என்று வாதாடியவர் பாவாணர். 1944 முதல் 1956 வரை நம் சேலம் நகராட்சிக் கல்லூரியில்தான் பாடம் நடத்தினார். மீனா போன்ற பெயரில் வழக்கு இன்னும் சுவையானது: மீன் தமிழ்ச் சொல், வடமொழி மீனமே திராவிடத்திலிருந்து போனது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நல்லவேளை, உங்கள் பெயரில் இந்தத் தொல்லை இல்லை. பொன், கொடி இரண்டும் ஐயமில்லாத தமிழ்.

பொற்கொடியில் ஒரே ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் வழக்கமாக Porkodi என்று எழுதுவார்கள், முதல் நான்கு எழுத்து பன்றிக்கறி. ஊரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெளிநாடு போகிற குடும்பம் என்றால் யோசியுங்கள். அப்படியானால் கொடியை விட்டுவிட்டுப் பொன்னி என்று வையுங்கள். அத்தையின் பொன் அதில் இருக்கிறது. பொன்னி என்பது காவிரியின் பெயர். ஏற்காட்டுச் சேர்வராயன் குகைக்கோயிலில் சாமியோடு இருக்கும் அம்மனும் காவேரியம்மன்தான். அரிசிப் பெயர் என்று யாராவது கேலி செய்வார்கள். எலியைவிட அரிசி தேவலை.

சான்றிதழுக்கு அவசரமில்லை. பெயர் இல்லாமல் பிறப்பு பதிவாகியிருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது எளிதல்ல, பிறகு அரசிதழ் வரைக்கும் அலைய வேண்டியிருக்கும். அதனால் விண்ணப்பத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். பொன் + கொடி சேரும்போது ன் ற் ஆகும். தட்டச்சு செய்கிறவர் ‘பொர்கொடி’ என்றோ ‘பொற்க்கொடி’ என்றோ அடித்துவிடுவது சாதாரணம். அச்செடுக்கும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, அந்த ற்-ஐ ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.