மேற்பார்வைக் கடமையை மாற்றும்போது கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

"தவணைப் பரீட்சைக்கு எனக்குப் போட்ட மேற்பார்வைக் கடமையை இன்னொரு ரீச்சரோட மாத்தப் போறன். ரெண்டு பேரும் சம்மதம். அதிபருக்கு வாயால சொன்னாக் காணாதா? எழுத்தில குடுக்கிறதெண்டா என்ன எழுதிறது?"

காணாது. வாயால் சொன்னால் அதிபர் "ஓம், ஓம், பாருங்கோ" என்றுதான் சொல்லுவார். அன்று காலை அவர் கையில் இருக்கப்போவது பழைய நேரசூசிதான். அதில் உங்கள் பெயர் இருக்கும், மண்டபத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிறேன். போன சிறுபோகத்தில் எங்கள் வயலுக்கு வெட்டு மிசின் புதன்கிழமைதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். மிசின்காரன் சொன்ன நாளை விட்டால் அடுத்த முறை எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. புதன் இரண்டாவது அமர்வில் எனக்குத் தரம் 10 மண்டபம். பக்கத்து வகுப்பு ரீச்சருக்கு வெள்ளி முதலாவது அமர்வு, தரம் 8. "ரீச்சர், புதன் என்ர மண்டபத்தைப் பாப்பீங்களோ? வெள்ளி உங்கட கடமையை நான் செய்யிறன்" என்று கேட்டேன். "அதுக்கென்ன சேர்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. திகதி, அமர்வு, தரம் என்று எழுதிக்கொண்டு வந்து பாடத்தையும் எழுதினேன்: கணிதம். அந்த ரீச்சர் தரம் 10க்குக் கணிதம் படிப்பிப்பவர்! எங்கள் பாடசாலையில் தன் பாடத்துக்குத் தானே மண்டபத்தில் நிற்பதில்லை. பிள்ளை "ரீச்சர், இந்தக் கேள்வி விளங்கேல்லை" என்று கேட்டால் அவர் என்ன சொன்னாலும் பிறகு கதை வரும். பிரதி அதிபரிடம் போனேன். அதே அமர்வில் தரம் 7 மண்டபத்தில் நின்ற தமிழ் சேரைத் தரம் 10க்கு அனுப்பி, ரீச்சரைத் தரம் 7க்கு விட்டார். ஆகவே கடிதத்தில் மூன்று கையெழுத்து. பாடத்தை எழுதியிருக்காவிட்டால் இது புதன்கிழமை மண்டப வாசலில்தான் தெரிந்திருக்கும். சொந்தப் பிள்ளை அந்த மண்டபத்தில் இருக்கிறதா என்றும் இதேபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் மட்டும் மாறுவதென்றால் இவ்வளவு போதும்:

அதிபர் அவர்கட்கு,
பரீட்சை மேற்பார்வைக் கடமை மாற்றம்
ஐயா, ....... திகதி புதன், இரண்டாவது அமர்வு, தரம் 10, கணிதம் – எனக்கு வழங்கப்பட்ட கடமையை சொந்தத் தேவை காரணமாக ....... ஆசிரியர் செய்வார். ....... திகதி வெள்ளி, முதலாவது அமர்வு, தரம் 8, ஆங்கிலம் – அவருக்கு வழங்கப்பட்ட கடமையை நான் செய்வேன். இருவரும் இதற்குச் சம்மதிக்கிறோம். தங்கள் அனுமதியை வேண்டுகிறோம்.
(இருவரின் பெயர், கையொப்பம், திகதி)

காரணம் ஒரு வரியில் போதும். வெட்டு மிசின் கதையெல்லாம் நான் எழுதவில்லை, "சொந்தத் தேவை" என்றுதான் போட்டேன். ஆனால் இரண்டு கடமையும் கடிதத்தில் இருக்க வேண்டும். நிறையப் பேர் தங்களுக்கு வேண்டிய நாளை மட்டும் எழுதுகிறார்கள். பிறகு வெள்ளிக்கிழமை யார் என்று யாருக்கும் நினைவில்லை. எனக்கே முந்தி ஒருமுறை இது நடந்தது, எழுத்தே இல்லாமல் மாறியபோது. நான் மற்றவர் வருவார் என்றிருந்தேன், அவர் நான் போவேன் என்றிருந்தார். மணி அடித்துப் பத்து நிமிடம் மண்டபத்தில் ஆளில்லை. வினாத்தாள் பொதி அலுவலக மேசையிலேயே கிடந்தது. நேரசூசியில் என் பெயர், ஆகவே விளக்கம் எழுதியதும் நான்தான்.

கடிதத்தைக் கடமைக்கு முதல் நாளாவது கொடுங்கள். அதிபர் "அனுமதி" என்று எழுதிக் கையொப்பம் வைத்ததும் வேலை முடியவில்லை. பரீட்சைக்குப் பொறுப்பான ஆசிரியர் தன் பிரதியிலும், அறிவித்தல் பலகையில் ஒட்டிய நேரசூசியிலும் பேனாவால் வெட்டித் திருத்த வேண்டும். பொதியை எடுத்துக் கொடுப்பவரும் விடைத்தாளை எண்ணி வாங்குபவரும் அதைத்தான் பார்ப்பார்கள். விடைத்தாள் ஒன்று குறைந்தால் தேடுவதும் அதில் உள்ள பெயரைத்தான். வட்சப் குழுவில் போட்டால் எல்லாருக்கும் தெரியவரும், ஆனால் அது கடிதத்துக்குப் பதிலாகாது.

அன்று முழுநாளும் வரமாட்டீர்கள் என்றால் லீவு விண்ணப்பம் வேறாகக் கொடுக்க வேண்டும். நானும் கொடுத்தேன்.

இது தவணைப் பரீட்சைக்கு மட்டும். க.பொ.த. பரீட்சையில் நோக்குநராகப் போட்டிருந்தால் அது பரீட்சைத் திணைக்களத்தின் கடமை, உங்கள் அதிபர் கையொப்பம் வைத்து மாற்ற முடியாது. அந்த நிலையத்துக்குப் பொறுப்பான மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள், ஆளை நீங்களே மாற்றி அனுப்பிவிடாதீர்கள்.

கடிதத்தை அதிபர் ஒப்பத்தோடு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்று வயலில் நிற்கும்போது பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, "சேர், உங்கட மண்டபம்..." என்று. படத்தை அனுப்பினேன், பிறகு அழைக்கவில்லை.