கூரியர் கவரில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது எப்படி?

கேள்வி: திருப்பூரிலிருந்து டி-ஷர்ட் ஆன்லைனில் விற்கிறோம். தினமும் 100 பார்சல் போகிறது, 15 ரிட்டர்ன் வருகிறது. பிளாஸ்டிக்கைக் குறைத்து, கவர்களைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் தராசில் ஒரு கவரை வையுங்கள். 60 மைக்ரானில் 10-க்கு 14 அங்குலக் கூரியர் கவர் ஏறத்தாழ 11 கிராம் இருக்கும். உள்ளே போடும் பளபள கவர் சுமார் 6 கிராம். மாதம் 26 நாள் என்றால் மொத்தம் 44 கிலோ.

இதில் உள் கவர்தான் வெட்டிச் செலவு. மழைநீரை வெளிக் கவரே தடுக்கிறது. உள் கவர் குடோன் தூசிக்காக மட்டும். இருபது சட்டைகளை ஒரே பெரிய கவரில் கட்டி, மூடியுள்ள கிரேட்டில் வைத்தால், பேக்கிங்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதப் பட்டை போதும். உள் கவருக்கு மாதம் போகும் 15 கிலோவில் பெரும்பகுதி மிச்சம். ஒற்றை டி-ஷர்ட்டுக்கு 9-க்கு 12 கவர் எடுத்தால் இன்னொரு 8 கிலோ குறையும். முழுக்கக் காகிதக் கவருக்கு மாறலாம்தான், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து கிழிந்து வரும் பார்சல்களுக்குத் துணியையும் சேர்த்து இழப்பீர்கள்.

வாடிக்கையாளரிடம் காலிக் கவரைத் தனியாகக் கேட்காதீர்கள். 8 கிராம் கவருக்கும் கூரியர்காரர் அரை கிலோ கட்டணம்தான் போடுவார். ரிட்டர்னோடு வருவதை மட்டும் பிடியுங்கள். இரண்டு பசைப் பட்டை உள்ள கவரை வாங்கினால், அதே கவரில் துணி திரும்பி வரும். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, வாடிக்கையாளர் துளைக்கோட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் கிழித்துவிடுவார். அதனால் 'இங்கே கிழிக்கவும்' என்று வெளிப்பக்கம் பெரிதாக அச்சடியுங்கள். இரண்டு, பழைய பார்கோடு வெளியே தெரிந்தால் ஸ்கேனர் அதைப் படித்து, பார்சல் மீண்டும் வாடிக்கையாளருக்கே போய்விடும். புது லேபிள் பழையதை முழுதாக மூட வேண்டும்.

திரும்பி வந்த கவரை அப்படியே மூட்டை கட்டினால் மறுசுழற்சி ஆலை விலை தராது. பிளாஸ்டிக்கை உருக்கும்போது லேபிள் காகிதம் கரியாகி வடிகட்டி வலையை அடைக்கும், அதை ஊதிச் செய்யும் ஃபிலிமில் ஓட்டை விழும். பழுப்பு டேப் பாலிபுரொப்பிலீன். அது இளக சுமார் 160 டிகிரி வேண்டும், கூரியர் கவர் செய்யும் எல்.டி. என்ற மென்மையான பாலித்தீன் 110 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால் டேப் கட்டியாகத் தங்கிவிடும். லேபிளும் டேப்பும் உள்ள பகுதியைக் கத்தரியால் வெட்டி எறியுங்கள். உரிக்க முயன்றால் நேரம்தான் போகும். உள் கவர் எல்.டி.யா என்று தெரியாவிட்டால் இழுத்துப் பாருங்கள்: எல்.டி. மெத்தென்று நீளும்; பாலிபுரொப்பிலீன் மொறமொறவென்று சத்தமிட்டு, ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்ததும் நேராகக் கிழியும். இரண்டையும் கலக்காதீர்கள், 'மக்கும் கவர்' என்று வருவதையும் சேர்க்காதீர்கள். நிறமில்லாதது தனிச் சாக்கு, அதற்குத்தான் விலை.

ரிட்டர்னில் மாதம் 3 கிலோதான் சேரும். அதற்காக ஆலை வண்டி வராது. பக்கத்துத் தையல் யூனிட்களின் துணி ரோல் கவர்களோடு சேர்த்து 100 கிலோ ஆனபின் கூப்பிடுங்கள். அந்த ரோல் கவரில் அச்சும் லேபிளும் பெரும்பாலும் இருக்காது.