ஐடியல், பட்டர்வொர்த், காசியன்: ஒப்பீட்டு ப்ராஜெக்டை இன்டர்வியூவுக்குத் தயார் செய்வது எப்படி?

தம்பி, ஈ.சி.இ. இறுதி ஆண்டுக்கு, படங்களை மங்கலாக்கி நாய்ஸைக் குறைக்கும் "மூன்று லோபாஸ் ஃபில்டர்கள் ஒப்பீடு" என்ற ப்ராஜெக்டை எடுத்திருக்கிறீர்கள். மெடிக்கல் இமேஜிங் வேலைக்கு இதை வைத்துக்கொண்டு போனால் மதிப்பார்களா என்று கேட்கிறீர்கள், தலைப்பை மாற்றிவிடச் சொல்லி வீட்டிலும் வற்புறுத்துகிறார்கள். மாற்ற வேண்டாம். ஒப்பிட்ட விதத்தை மட்டும் திருத்துங்கள். இப்போது இருக்கிறபடி கொண்டுபோனால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றுக்கும் கட்ஆஃப் D0 = 30 என்று ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, "காசியன்தான் அதிகம் மங்கலாக்குகிறது" என்று முடிவு எழுதியிருக்கிறீர்கள். அந்த 30 மூன்றிலும் ஒன்றையே குறிக்கவில்லை. ஐடியல் ஃபில்டர் 30 வரையுள்ள அதிர்வெண்களை முழுசாக விடும், அதைத் தாண்டினால் ஒன்றுமே விடாது. பட்டர்வொர்த் 30-இல் சரியாகப் பாதி, அதாவது 0.5 விடும். காசியன் அதே 30-இல் 0.607 விடும். சர்க்யூட் பாடத்தில் பட்டர்வொர்த்துக்கு 0.707 என்று படித்திருப்பீர்கள். ஸ்டீபன் பட்டர்வொர்த் 1930-இல் எழுதிய சமன்பாட்டில் வர்க்கமூலம் உண்டு. படங்களுக்குப் பழக்கத்தில் இருக்கும் வடிவத்தில் அது இல்லை, அதனால்தான் பாதி. ஈ.சி.இ. மாணவர் என்று தெரிந்தால் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

ஆகவே பாதி விடும் புள்ளியை முதலில் ஒன்றாக்குங்கள். காசியனின் D0-வை 1.1774-ஆல் வகுத்தால் போதும்: 30-க்குப் பதில் 25.5. இப்போது ஆர்டர் 2 பட்டர்வொர்த்தையும் காசியனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 60-இல் முதலாவது 0.059 விடுகிறது, இரண்டாவது 0.0625. ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 15-இல் பட்டர்வொர்த் 0.94 விடுகிறது, காசியன் 0.84 மட்டுமே. காக்க வேண்டிய விவரத்தைத் தொடாமல் தட்டையாக விடுவதுதான் பட்டர்வொர்த்தின் பலம். "மிகத் தட்டையானது" என்ற பெயர் அதனால் வந்தது. அதற்கு அது கொடுக்கும் விலை, விளிம்பை ஒட்டி வரும் நிழல் வரி, அதாவது ரிங்கிங்.

அந்த விலையை எண்ணாகக் காட்டுங்கள். நீங்கள் வைத்திருக்கும் முகப் படத்தில் அதை அளக்கவே முடியாது. 512 × 512 பிக்சலில், 50 என்ற சாம்பல் தளத்தின் நடுவே 200 அளவுள்ள ஒரு செங்குத்துப் பட்டை போதும்:

```python
import numpy as np
N, D0, n = 512, 30, 2
f = np.full((N, N), 50.0)
f[:, 128:384] = 200
k = np.fft.fftfreq(N) * N
D = np.hypot(k[:, None], k[None, :])
H = {"ideal": (D <= D0) * 1.0,
     "bw": 1 / (1 + (D / D0)**(2*n)),
     "gauss": np.exp(-D**2 / (2*(D0/1.1774)**2))}
for name, h in H.items():
    g = np.fft.ifft2(np.fft.fft2(f) * h).real
    print(name, g[256].min(), g[256].max())
```

ஐடியலில் உச்சம் 213-ஐ ஒட்டி வரும், அடிமட்டம் 37-க்குப் பக்கத்தில் இறங்கும். 150 அளவுள்ள தாவலில் ஏறத்தாழ 9 சதவீதம் மேலே துள்ளுகிறது. விளிம்பிலிருந்து எட்டு, ஒன்பது பிக்சல் தள்ளி முதல் துள்ளல், பதினேழாவது பிக்சலில் ஒரு பள்ளம், பிறகு மறுபடி மேடு என்று அலை தொடர்ந்து போகும். ஆர்டர் 2 பட்டர்வொர்த்தில் உச்சம் 205 மட்டும், 3.4 சதவீதம். அதுவும் ஒரே ஒரு மேடுதான். அடுத்த பள்ளம் கால் கிரே லெவல்கூட வராது, கண்ணுக்குத் தெரியாது. காசியனில் 200-ஐத் தாண்டவே தாண்டாது.

அடுத்து D0-வை 60 ஆக்கி ஓட்டுங்கள். கட்ஆஃபைக் கூட்டினால் ரிங்கிங் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஐடியலில் உச்சம் அப்போதும் 213-தான். வரிகள் விளிம்பை நோக்கி நெருங்குகின்றன, முதல் துள்ளல் நாலைந்து பிக்சலுக்குள் வந்துவிடுகிறது, அவ்வளவே. வரியின் அகலத்தை கட்ஆஃப் தீர்மானிக்கிறது, உயரத்தை ஆர்டர் தீர்மானிக்கிறது. இன்டர்வியூவில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம் இது. வந்த கையோடு, D0 = 30, D0 = 60 இரண்டுக்கும் `g[256]` வரிசையை வரைந்த கிராஃபைக் காட்டுங்கள்.

ஆர்டரைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். n = 1 என்றால் இந்த விளிம்பில் துள்ளலே இல்லை, ஆனால் 60-இலும் 0.2 கசிகிறது, நாய்ஸ் மிச்சம் இருக்கும். n = 4 ஆனால் கசிவு 0.004-க்கு இறங்கும், வரிகள் தலைகாட்டத் தொடங்கும். n = 20-ஐ ஐடியலோடு வைத்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம். பொதுவான வேலைக்கு நான் 2-ஐத்தான் சொல்வேன்.

இரண்டு இடத்தில் ரிசல்ட் தப்பாகும். ஒன்று, 0-க்கும் 255-க்கும் இடையே தாவும் படத்தைச் சோதனைக்கு எடுப்பது. ஐடியலில் கறுப்புப் பக்கம் -23 வரை இறங்கும். `astype(np.uint8)` கொடுத்தால் அது பெரும்பாலும் 233 ஆகச் சுற்றிக்கொண்டு, கறுப்புக்குள் பளிச்சென்று வெள்ளை வரியாக நிற்கும். முன்கூட்டியே `np.clip` போட்டால் இன்னும் மோசம், ரிங்கிங்கே இல்லாதது போலத் தோன்றும். 50, 200 என்று எடுக்கச் சொன்னது இதனால்தான்.

மற்றது பேடிங். மேலே உள்ள பட்டையின் எதிரெதிர் ஓரங்கள் ஒரே மதிப்பு என்பதால் அதற்குப் பேடிங் தேவையில்லை. உண்மையான படத்தில் மேல் ஓரத்து வானம் கீழ் ஓரத்துக்குள் கசியும், ஆகவே 1024 × 1024 ஆக விரிக்க வேண்டும். அப்படி விரித்தால் D0-வும் 60 ஆக வேண்டும். 30-ஐ அப்படியே விட்டால் படம் இரண்டு மடங்கு மங்கும். பூஜ்யத்தால் நிரப்பினால் ஓரங்கள் கறுக்கும், கண்ணாடி பிம்பம் போல நிரப்புவது நல்லது.

மெடிக்கல் இமேஜிங்குக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அதிர்வெண் தளத்தில்தான் தரவு சேகரிக்கப்படுகிறது, அதுவும் ஓர் எல்லை வரை மட்டும். அப்படி வெட்டுவதே ஒரு ஐடியல் ஃபில்டர்தான், உங்கள் பட்டையில் வந்த அதே வரிகள் அங்கும் வரும். கழுத்துத் தண்டுவடத்தில் அந்த வரி விழுந்தால், தண்டுவடத்துக்குள் நீர்ப்பை இருப்பது போல ஏமாற்றும். ஓரத்தைச் சரிவாகத் தணிக்கும் ஃபில்டர்களை அங்கே பயன்படுத்துவது இதற்காகத்தான். சேகரிப்பின் எல்லையை உயர்த்தினால் என்ன ஆகும் என்று கேட்டால், D0 = 60 கிராஃபைத் திறந்து காட்டுங்கள்: வரி ஒடுங்கும், உயரம் குறையாது.