ஹீமோகுளோபின் சரி, பிறகு எதற்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை?

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. இரவு முழுவதும் புரண்டுகொண்டே இருக்கிறான், காலால் உதைக்கிறான், பாயில் கிழக்கே தலை வைத்துப் படுத்தவன் விடியும்போது சுவரோரம் கிடக்கிறான். கண்ணேறு என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். மருத்துவரிடம் போனபோது ஹீமோகுளோபின் 11.2 என்று வந்தது. ரத்தசோகை இல்லை என்று சொன்னவரே, ஃபெரிட்டின் என்று இன்னொரு பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தூக்கத்துக்கும் இரும்புச்சத்துக்கும் என்ன தொடர்பு? பிஞ்சுக் கையில் மறுபடியும் ஊசி குத்தத்தான் வேண்டுமா?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: சகோதரி, உங்கள் மருத்துவர் கேட்டிருப்பது நியாயமான பரிசோதனைதான். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அதைக் கேட்டிருப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குதிரில் தானியம் குறைந்துகொண்டே வந்தாலும், அடி தட்டும் வரை அடுப்பில் களி வழக்கம்போலத்தான் வெந்துகொண்டிருக்கும். உடலில் இரும்பும் அப்படியே. ஹீமோகுளோபின் என்பது அன்றாடம் வேகும் களி; ஃபெரிட்டின் என்பது குதிரில் மீதி இருப்பதைக் காட்டும் அளவு. சேமிப்பு முதலில் கரையும். அது தீர்ந்து சில காலம் கழித்துத்தான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு ரத்தசோகையின் எல்லைக்கோடு 11. உங்கள் மகன் 11.2-இல் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறான். குதிர் நிறைந்திருந்தும் இந்த எண் வரலாம், காலியாகிவிட்டிருந்தும் வரலாம்.

இனி தூக்கத்துக்கு வருகிறேன். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு துணைக்காரணியாகத் தேவைப்படுகிறது. கைகால்களின் அசைவைச் சீராக வைப்பதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு. மாலையிலும் இரவிலும் அதன் செயல்பாடு இயல்பாகவே தணிகிறது. மூளையில் இரும்பு குறைவாக இருந்தால் அந்த இரவு நேரத்தில்தான் கால்கள் ஓய்வு கொள்ளாமல் தவிக்கின்றன என்று தூக்க மருத்துவத்தில் கருதப்படுகிறது. பெரியவர்கள் இதைக் ‘காலுக்குள் எறும்பு ஊர்கிறது’, ‘காலை அசைத்தால்தான் நிம்மதி’ என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த வார்த்தைகள் கிடையாது. அது உதைக்கும், புரளும், போர்வையை எறியும், ‘கால் அமுக்கு’ என்று அழும், தன் காலைப் பாட்டியின் தொடைக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகிக்கொள்ளும். (தூளியில் தூங்கும் குழந்தைகளிடம் இதெல்லாம் வெளியே தெரிவதில்லை. தூளியை விட்டுப் பாய்க்கு மாறியதும் ‘திடீரென்று இப்படி ஆகிவிட்டான்’ என்று அழைத்து வருவார்கள்.)

பரிசோதனையை எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது என்பதில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. நான் பார்த்த ஒரு குழந்தையைக் கொண்டு இதை விளக்குகிறேன். காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமம்; இரண்டு வயதுப் பெண் குழந்தை; எடை 11 கிலோ. இரவில் உங்கள் மகனைப் போலவே புரளல். பகலில் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி நக்கும் பழக்கம். ஹீமோகுளோபின் 11.3. வீட்டில் கறவை மாடு இருந்ததால் நாளுக்குக் கிட்டத்தட்ட 900 மில்லி பால் குடித்தாள். சோறும் களியும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. முதலில் எடுத்த ஃபெரிட்டின் 38 என்று வந்தது. லேப் தாளில் அது ‘இயல்பு’ என்ற வரம்புக்குள் இருந்ததால், குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

ஆனால் ரத்தம் எடுத்த அன்று குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் இருந்தன. உடலில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறிவிடும். இரும்பு குறைவாக இருந்தாலும் எண் மட்டும் நன்றாகத் தெரியும். அன்றே எடுத்த சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவும் உயர்ந்திருந்தது. எனவே காய்ச்சல் விட்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். இம்முறை 14. ஆகவே உங்கள் மகனுக்கு இப்போது சளியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது தணிந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு காலையில் போங்கள். ஒரு வீண் ஊசி மிச்சமாகும்.

எண்ணைப் படிப்பதில் இரண்டு அளவுகோல்கள் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நோயில்லாத, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஃபெரிட்டின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய்த்தொற்று இருக்கும்போது அந்த எல்லை 30. தூக்க மருத்துவர்களோ வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓய்வற்ற கால் நோய் பற்றி 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், அந்த நோயுள்ள குழந்தைகளுக்கு ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்தால் வாய்வழி இரும்பு மருந்து தரலாம் என்கிறது. லேப் தாள் இயல்பு என்று சொல்லும்போதே மருத்துவர் மருந்து எழுதுவதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

ஆயினும் அந்த 50 என்ற எண்ணை எல்லாக் குழந்தைக்கும் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான சான்றுகள் பெரும்பாலும் பள்ளி வயதுக் குழந்தைகளிடமிருந்து வந்தவை. நன்றாகத் தூங்கும் எத்தனையோ இரண்டு வயதுக் குழந்தைகளின் ஃபெரிட்டினும் 30-க்குள்தான் இருக்கும். கால் தவிப்பு தெளிவாகத் தெரிந்து, எண்ணும் 20-க்குக் கீழே இருந்தால் நான் தயங்குவதில்லை. 30-க்கும் 50-க்கும் இடையே இருந்தால், பெற்றோரிடம் பேசி, வேறு காரணங்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன்.

அந்தக் குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 33 மில்லிகிராம் தனி இரும்பு, ஒரே வேளையாக, மூன்று மாதம். ‘தனி இரும்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: பாட்டிலில் உப்பின் எடை வேறாகவும், அதிலுள்ள இரும்பின் எடை வேறாகவும் அச்சாகியிருக்கும். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி அல்ல. எனவே எத்தனை மில்லி என்பதை மருத்துவரே எழுதித் தரட்டும். அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சிரப் வாங்குகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் என்பதால் அது வாரத்துக்கு 40. மேலே சொன்ன சிகிச்சை அளவோ வாரத்துக்கு 231. முன்னது தடுப்புக்கு, சிகிச்சைக்குப் போதாது.

மருந்தைப் பாலோடு கொடுத்தால் பலன் குறையும். கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றோடோ, ஒரு கொய்யாத் துண்டைத் தின்னக் கொடுத்தோ ஊட்டுங்கள். மலம் கறுப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு: கர்ப்ப காலத்தில் தரும் இரும்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதில் பத்தைக் குழந்தை மிட்டாய் என்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அவற்றைப் பரணுக்கு ஏற்றிவிடுங்கள்.

மருந்தைவிட அந்த வீட்டில் கடினமாக இருந்தது பாலைக் குறைப்பதுதான். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இருப்பதில்லை. இந்த வயதுக் குழந்தைக்கு நாளுக்குத் தேவையோ சுமார் 8 மில்லிகிராம். பால் வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுக்கும்; உணவிலுள்ள இரும்பு சேர்வதையும் தடுக்கும். நாளுக்கு 400 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றேன். ‘கேழ்வரகில் இரும்பு இருக்கிறதே, களி தின்கிறாளே’ என்று பாட்டி கேட்டார். இருப்பது உண்மைதான், ஆனால் கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட்டும் துவர்ப்புப் பொருளும் அதைக் குடல் எடுத்துக்கொள்ள விடுவதில்லை. முளைகட்டிய கேழ்வரகு மாவில் அந்தத் தடை குறையும். அசைவம் உண்பவர்கள் என்பதால் வாரம் இரண்டு முறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ கொஞ்சம் மசித்துக் களியோடு ஊட்டச் சொன்னேன். ரத்தம் குறைந்தவருக்குச் சுவரொட்டி கொடுக்கும் நம் ஊர் வழக்கம் இந்த இடத்தில் முற்றிலும் சரியானது.

ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு புரளல் குறைந்தது என்று தாய் சொன்னார்; மூன்று மாத முடிவில் ஃபெரிட்டின் 52. சுவரை நக்குவதும் நின்றது. இதை மருந்தின் வெற்றி என்று முழுதாக எழுதிவிட எனக்கு மனமில்லை: நடுராத்திரிப் பால் பாட்டிலையும் அதே நாட்களில் நிறுத்தியிருந்தோம், தூக்கம் சீரானதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

ரத்தம் எடுக்கப் போகும் முன் இரண்டு மூன்று இரவுகள் உங்கள் மகன் தூங்குவதைச் செல்போனில் ஐந்து நிமிடம் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா என்று பாருங்கள். அப்படியானால் காரணம் டான்சிலோ அடினாய்டோ ஆக இருக்கலாம். ஆசனவாயைச் சொறிந்துகொண்டு விழித்தால் கீரிப்பூச்சியாக இருக்கும். சளிக்காக ஏதாவது சிரப் கொடுத்து வருகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். தூக்கம் வரவழைக்கும் சில ஒவ்வாமை மருந்துகள் கால் தவிப்பைக் கூட்டிவிடும். கர்ப்ப காலத்தில் உங்களுக்கே இரவில் கால் தவித்ததுண்டா? இது குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் அந்தத் தகவலும் மருத்துவருக்குப் பயன்படும்.

ஃபெரிட்டின் 60, 70 என்று வந்துவிட்டால், இருக்கட்டுமே என்று கடையில் இரும்பு டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அப்போது தேட வேண்டிய காரணம் வேறு. எண் குறைவாக வந்து மருந்து தொடங்கினால், மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்த பிறகே நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டும். நன்றாகத் தூங்குகிறான் என்று இரண்டாவது பாட்டிலோடு நிறுத்திவிடுபவர்களின் குழந்தைகள்தான் அடுத்த மழைக்காலத்தில் அதே புரளலோடு திரும்பி வருகின்றன.