லீவு இருக்கிற ஸ்ப்ரிண்ட்ல எவ்ளோ பாயிண்ட் எடுக்கலாம்?

கேள்வி: எங்க டீம்ல 5 பேர், ரெண்டு வார ஸ்ப்ரிண்ட். பொங்கல் லீவு, மீட்டிங், ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் எல்லாத்தையும் கழிச்சா ஒண்ணுமே மிஞ்சல, கழிக்காம எடுத்தா ஸ்டோரி அடுத்த ஸ்ப்ரிண்டுக்கு தள்ளிப் போகுது. எப்படித்தான் கணக்கு போடறது?

பதில்: நீங்க மீட்டிங்கையும் சப்போர்ட்டையும் ரெண்டு தடவை கழிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். போன ஸ்ப்ரிண்ட்லயும் டெய்லி ஸ்டாண்டப், ரெட்ரோ, டிக்கெட் எல்லாம் இருந்துச்சுல்ல, அதெல்லாம் போகத்தான் அந்த பாயிண்ட்ட முடிச்சீங்க, அதனால வழக்கமா இருக்கிறத திரும்ப கழிக்க வேணாம், இந்த தடவை புதுசா வர்றத மட்டும் கழிங்க.

கடைசி மூணு ஸ்ப்ரிண்ட்ட எடுத்துக்கோங்க. முடிச்சது 30, 27, 27, மொத்தம் 84 பாயிண்ட். லீவு போக ஒவ்வொருத்தரும் வேலைக்கு வந்த நாளைக் கூட்டினா 48, 46, 46, மொத்தம் 140. அப்போ ஒரு ஆள் ஒரு நாளுக்கு 0.6 பாயிண்ட். இப்போ பொங்கல் ஸ்ப்ரிண்ட்: 5 பேருக்கு 10 நாள்னா 50, ஆபீஸ் லீவு வியாழன் வெள்ளி ரெண்டு நாள்ல 10 போச்சு, டெஸ்டர் அதோட சேத்து திங்கள் செவ்வாய் புதன் ஊர்ல இருக்கார்னா இன்னொரு 3, மிச்சம் 37. 37 × 0.6 = 22 பாயிண்ட், அவ்ளோதான்.

சப்போர்ட்டுக்கு எப்பவும் ஒருத்தர் சுழற்சில உக்காருவார்னா அது அந்த 0.6க்குள்ளயே இருக்கு, ஆனா அந்த 22ல தேதி வச்ச ஸ்டோரி எதையும் அவர் பேர்ல போடாதீங்க, மத்த நாலு பேருக்குள்ள பிரிங்க. சப்போர்ட் இந்த ஸ்ப்ரிண்ட்ல இருந்துதான் புதுசா வருதுன்னா மட்டும் அவரோட 8 நாளையும் கழிக்கணும், 29 நாள், 17 பாயிண்ட். ஆடிட் மாதிரி எல்லாருக்கும் அரை நாள் போகுதுன்னா இன்னொரு 2.5 நாள் கழிங்க.

இதுக்கு அப்புறமும் ஒரு இடத்துல மாட்டுவீங்க, நிறைய டீம் இத பாக்கறதே இல்ல. யார் லீவுங்கிறதுதான் அது. உங்க டெஸ்டர் முதல் புதன் சாயங்காலம் கிளம்பினா அடுத்த வியாழன்தான் திரும்ப சீட்ல இருப்பார், நடுவுல டெவலப்பர் முடிக்கிறதெல்லாம் டெஸ்டிங்குக்காக குவிஞ்சு நிக்கும், கடைசி ரெண்டு நாள்ல ஒரே ஆள் அத்தனையும் பாக்க முடியாது. மொத்த பாயிண்ட் சரியா இருந்தும் ஸ்டோரி மிச்சமாகும். அதனால பிளானிங்லயே, முதல் புதனுக்குள்ள டெஸ்டிங்குக்கு போற சின்ன ஸ்டோரி எதெதுன்னு முதல்ல எடுங்க, மத்தத ஒரு டெவலப்பர் எழுதினத இன்னொரு டெவலப்பர் டெஸ்ட் பண்ணலாமான்னு கேளுங்க, முடியாதுன்னா 22க்கு பதிலா 18 எடுங்க, நான் அப்படித்தான் பண்ணுவேன்.

ஸ்ப்ரிண்ட் முடிஞ்சதும் நிஜமா வேலைக்கு வந்த நாள் எத்தனைன்னு குறிச்சு வைங்க, திடீர்னு உடம்பு சரியில்லாம போன நாளும் கழிச்சு. பிளான்ல போட்ட 37ஐயே வச்சுக்கிட்டா அடுத்த ஸ்ப்ரிண்டுக்கு எடுக்கிற சராசரி தப்பா வரும்.